பெட்டிகளின் நடுவே ஒழுகும் அங்கன்வாடி: தலைமைப் பொறியாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமைப் பொறியாளர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் தெரு அங்கன்வாடியின் கூரை ஒழுகுவது பற்றித் தங்கள் அலுவலகத்துக்கு ஏற்கெனவே எழுதியிருக்கிறோம். கோப்பும் படங்களும் தங்களிடம் இருப்பதால் பழைய கதையை மீண்டும் விரிக்கவில்லை. சென்ற வாரம் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் ஏணியுடன் வந்தார்கள். கூரை மூட்டில் காய்ந்து சுருங்கிய பழைய சிலிகான் பசையின் மேலேயே புதிய சிலிகானைப் பூசினார்கள். பிறகு, பழுது நீங்கிவிட்டதாக எழுதிய தாளை நீட்டி அங்கன்வாடிப் பணியாளரிடம் கையெழுத்துக் கேட்டார்கள். அவர் போட மறுத்துவிட்டார். அதே வாரத்தில்தான் இதே பெட்டி வடிவத்தில் சென்னையின் வேறு சில வார்டுகளிலும் கட்டடங்கள் வைக்கப்படும் என்ற செய்தி எங்களுக்கு எட்டியது. இந்த இரண்டும் சேர்ந்துதான் இம்மடலைப் பொதுவில் எழுத வைத்தன.

எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. மூட்டின் மேல் பூசுவதை நிறுத்துங்கள். மூட்டைத் திறந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துச் சரிசெய்யுங்கள்.

எஃகுச் சட்டத்தால் ஆன இரண்டு பெட்டிகளைத் தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து, அருகருகே வைத்துப் போல்ட் முடுக்கியதுதான் இக்கட்டடம். அவை சேரும் கோடு அறையின் சரிநடுவில் ஓடுகிறது. மழைக்காலத்தில் அந்தக் கோட்டின் கீழ் வாளிகளை வரிசையாக வைத்துவிட்டு, பிள்ளைகளைச் சுவரோரங்களில் இரு பக்கமாகப் பிரித்து உட்கார வைக்கிறார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாய் விரிக்க இடம் போதாததால் சிறு பிள்ளைகள் மடியில் தூங்குகின்றன. தண்ணீர் மேலிருந்து நேராகச் சொட்டினாலாவது பரவாயில்லை. அது இரு பெட்டிகளின் கூரை விட்டங்களுக்கு இடையே புகுந்து, விட்டத்தின் வழியாகவே ஓடி, நுழைந்த இடத்திலிருந்து வெகுதூரம் தள்ளி, விளக்குக்கு அருகே இறங்குகிறது. மழை நின்ற மறுநாளும் சொட்டுகிறது. அதனால் பணியாளர் மெயின் சுவிட்சை அணைத்துவிடுகிறார். மூன்று வயதுப் பிள்ளைகள் பகலில் இருட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைத் தாங்கள் ஒருமுறை நேரில் வந்து பார்க்க வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நான் கட்டுமானத் தளங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். முன்தயாரிப்புக் கட்டடங்களுக்கு எதிரி அல்ல. அடித்தளம் போடும் நாட்களிலேயே மேற்கட்டடமும் தொழிற்சாலையில் தயாராவது உண்மையான லாபம்தான். ஆனால் அந்த லாபத்துக்கு ஒரு விலை உண்டு. அது முழுவதும் மூட்டில் வந்து சேர்கிறது. இங்கே அப்படித்தான் சேர்ந்தது.

முதலில் சாலை. மோட்டார் வாகன விதிகளின்படி சரக்கு வண்டியின் அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக் கூடாது; சரக்கு அதற்கு வெளியே நீட்டிக்கொண்டால் தனி அனுமதி, இரவுப் பயணம், துணை வண்டி என்று செலவு ஏறும். ஆகவே பெட்டியின் அகலம் ஏறத்தாழ 2.4 மீட்டர் என்று முடிவாகிவிட்டது. 4.8 மீட்டர் அகலமுள்ள அறை வேண்டுமென்றால் இரண்டு பெட்டிகள் வேண்டும், நடுவில் ஒரு மூட்டு வேண்டும். அறையின் நடுவில் மூட்டு வர வேண்டும் என்று எந்த வடிவமைப்பாளரும் விரும்பியிருக்க மாட்டார். லாரியின் அகலம் அதை முடிவு செய்தது.

அடுத்தது எங்கள் தெரு. 18 அடி அகலம், முனையில் செங்குத்தான திருப்பம், குறுக்கே கேபிள்கள். டிரெய்லர் உள்ளே வர முடியாமல் பெட்டிகளைப் பெரிய சாலையிலேயே இறக்கி, ஹைட்ரா கிரேனின் கொக்கியில் தொங்கவிட்டு, ஆட்டத்தோடு தெருவுக்குள் கொண்டுவந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். நான்கு மூலைகளிலும் கட்டிய கயிறுகள் ஒரே கொக்கியில் சாய்வாகச் சேர்ந்திருந்தன. இடையில் கயிறுகளை விரித்துப் பிடிக்கும் விரிப்பு விட்டம் எதுவும் இல்லை. அப்படித் தூக்கும்போது சாய்ந்த கயிறுகள் மேல்மூலைகளை உள்நோக்கி இழுக்கும். மூன்று பக்கம் சுவர் இருக்கும் இடத்தில் இதனால் பெரிய கேடு வராது. ஆனால் மற்றப் பெட்டியோடு சேர வேண்டிய நான்காவது பக்கம் சுவரில்லாமல் திறந்து கிடக்கிறது. அதன் மேல்விட்டம் வளையாமலிருக்கத் தற்காலிகக் குறுக்குத் தாங்கிகள் கடைசிவரை இருந்தாக வேண்டும். இங்கே அவை தூக்குவதற்கு முன்பே கழற்றப்பட்டன. பெட்டியை இறக்கி வைத்தபின் இரு விளிம்புகளுக்கும் இடையிலிருந்த இடைவெளி தெருப்பக்கத்தில் 4 மில்லிமீட்டர், பின்பக்கத்தில் 18 மில்லிமீட்டர். சிலிகான் பூசுவதற்கு முன் நானே அளவுகோல் வைத்துப் பார்த்தேன். அப்போதே மேற்பார்வையாளரிடம் சொன்னேன். சிலிகான் நிரப்பிவிடும் என்றார்.

சிலிகான் எதை நிரப்பும், எதை நிரப்பாது என்பது கணக்கிட்டுப் பார்க்கக் கூடியது. எஃகு ஒரு மீட்டர் நீளத்துக்கு, ஒவ்வொரு டிகிரி வெப்பத்துக்கும் 0.012 மில்லிமீட்டர் விரியும். சென்னை வெயிலில் கூரைத் தகடு மதியம் 60 டிகிரியைத் தாண்டும். விடியற்காலையில் ஏறக்குறைய 40 டிகிரி குறைந்திருக்கும். 2.4 மீட்டர் அகலப் பெட்டி ஒவ்வொன்றும் நடுவிலிருந்து இரு பக்கமும் விரிவதாகக் கொண்டால், மூட்டு நாள்தோறும் தாங்க வேண்டிய அசைவு 1 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். நல்ல கட்டுமான சிலிகான் தன் அகலத்தில் கால் பங்கு வரை இழுபடவும் நசுங்கவும் தாங்கும். இடைவெளி 10 மில்லிமீட்டராக இருந்திருந்தால் எந்தச் சிக்கலும் இல்லை. 4 மில்லிமீட்டர் இடத்தில் அதே அசைவு அதன் அகலத்தில் கால் பங்கைத் தாண்டிவிடுகிறது. ஆகவே அது அறுந்தது. 18 மில்லிமீட்டர் பக்கத்தில் நேர்ந்தது வேறு கோளாறு. உள்ளே நுரைக் கயிறு வைத்து, அதன் மேல் அகலத்தில் பாதி ஆழத்துக்கு மட்டும் சிலிகான் இட வேண்டும். அப்போதுதான் அது இரு விளிம்புகளை மட்டும் பிடித்துக்கொண்டு தாராளமாக இழுபடும். அடியில் எதுவும் வைக்காமல் குழாயை அழுத்தியதால், அது அடித்தகட்டிலும் ஒட்டி, மூன்று பக்கமும் பிடிபட்டுக் கிழிந்தது.

இதை ஊகமாகச் சொல்லவில்லை. ஏணி போட்டு ஏறிப் பார்க்கும் எவருக்கும் தெரியும். தெருப்பக்கத்திலும் பின்பக்கத்திலும் சிலிகான் நடுவில் கிழிந்திருக்கிறது. அது தாங்க முடியாத அசைவின் அடையாளம். இடைப்பட்ட பகுதியிலோ, ஒரு விளிம்பிலிருந்து தோல்போலச் சுத்தமாக உரிந்து வந்திருக்கிறது. அது தூசியும் ஈரமும் துடைக்கப்படாத தகட்டில் பூசியதன் அடையாளம். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. மேலே மேலே பூசுவது இரண்டுக்குமே மருந்தில்லை, ஏனெனில் புதிய சிலிகான் காய்ந்த பழைய சிலிகானைச் சரியாகப் பிடிக்காது.

மூட்டை மூடிவிட்டால் உள்ளிருப்பதை யாரும் பார்க்க முடியாது. 1968-இல் லண்டனில் ரோனன் பாயின்ட் என்ற, முன்பே வார்த்த கான்கிரீட் பலகைகளால் கட்டிய 22 மாடிக் கட்டடத்தில் எரிவாயு வெடித்து ஒரு மூலை முழுவதும் மேலிருந்து கீழ்வரை சரிந்தது, நால்வர் இறந்தனர். பலகைகளைச் சேர்த்த மூட்டுகள் பல இடங்களில் சரியாக நிரப்பப்படவில்லை என்பது, பின்னாளில் அக்கட்டடத்தைப் பிரித்தபோதுதான் வெளிப்பட்டது. எங்கள் ஓரடுக்கு அங்கன்வாடி அப்படி விழும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நனைந்துகொண்டே இருக்கும் அந்த விட்டங்களையும் போல்ட்டுகளையும் துரு எவ்வளவு தின்றிருக்கிறது என்று திறந்து பார்க்காமல் தாங்களும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது.

வடிவமைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. அறையின் நடுவே, மூட்டுக் கோட்டிலேயே, இரு பெட்டிகளின் தூண்களும் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. மேலே மூடிய பலகையோடு சேர்த்துக் கால் மீட்டர் அகலம். அதன் பின்னால் விளையாடும் பிள்ளை பணியாளரின் கண்ணில் படுவதில்லை. தூணை எடுத்துவிடலாமா என்று கேட்டோம். முடியாது என்றார்கள், அது சரியான பதில். தெருப்பக்கம் பெரிய சன்னல் கேட்டோம். பெட்டி கோணாமல் பிடித்திருப்பது அந்தச் சுவரின் சாய்வுச் சட்டங்கள் என்பதால் அதுவும் முடியாது. செங்கல் கட்டடத்தில் பிறகு யோசித்துக்கொள்ளலாம் என்று விட்டுவைக்கும் எல்லாவற்றையும் இங்கே தொழிற்சாலையில் முதல் சட்டத்தை வெட்டும் முன்பே யோசித்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் இந்த அறையில் நாளெல்லாம் நிற்கப்போகும் பணியாளரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அடுத்த வார்டுகளிலாவது கேட்பீர்களா? இதை எழுதும்போது என் கோபத்தை அடக்கிக்கொள்கிறேன். தவறாக எண்ண வேண்டாம்.

திறந்து பார்த்தபின் செய்ய வேண்டியதும் பெரிய வேலை அல்ல. இரு கூரை விளிம்புகளையும் 10 சென்டிமீட்டருக்குக் குறையாமல் மேலே எழுப்பி, அவற்றின் மேல் மடிப்புத் தகட்டுத் தொப்பி ஒன்றைப் போட்டு, அதை ஒரு பக்கத்தில் மட்டும் திருகினால் மறுபக்கம் தாராளமாக நகரும். தண்ணீரைத் தடுக்கும் பொறுப்பு சிலிகானிடம் இருக்காது. இன்னும் நல்லது, இரு பெட்டிகளுக்கும் மேலாக, சற்று இடைவெளி விட்டு, சரிவான ஒரே தகட்டுக் கூரை போடுவது. மழை மூட்டைத் தொடாது, வெயிலும் பெட்டியை நேராகச் சுடாது. வர்தா புயலைப் பார்த்த ஊர் இது. நம் தரநிலை சென்னைக்கு வகுத்த அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். ஆகவே அக்கூரையைத் தகட்டோடு திருகாமல் பெட்டிகளின் எஃகுச் சட்டத்தோடு பிணைக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் தண்ணீர்ச் சோதனை வேண்டும்: குழாய் நீரைத் தாழ்ந்த முனையில் தொடங்கி, பகுதி பகுதியாக, ஒவ்வோர் இடத்திலும் நின்று பொறுத்து மேலே கொண்டுபோக வேண்டும். ஒரேயடியாக மேலிருந்து ஊற்றினால் ஒழுகுவது தெரியும், எங்கே நுழைகிறது என்பது தெரியாது.

வரவிருக்கும் கட்டடங்களைப் பொறுத்தவரை, எங்களைப் போன்ற தெருக்களுக்குப் பெட்டி தேவையில்லை. சட்டங்களையும் சுவர்ப் பலகைகளையும் தட்டையாகச் சிறு லாரியில் கொண்டுவந்து இங்கேயே பொருத்தினால் அகலம் லாரிக்குக் கட்டுப்படாது, நடுவில் தூணும் மூட்டும் வராது. பெரும்பாக்கத்தில் 1,152 வீடுகள் கான்கிரீட் உறுப்புகளை முன்வார்த்துத் தளத்தில் பொருத்தித்தான் எழுந்தன. உறுப்புகளாகப் பொருத்தும் முறை சென்னைக்குப் புதிதல்ல. தளத்தில் வேலை சில வாரங்கள் கூடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இங்கே மிச்சமான வாரங்களை ஒழுகலே தின்றுவிட்டது.

வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அக்டோபருக்கு முன் மூட்டைத் திறந்து பார்க்க ஒரு நாளைக் குறித்து எழுத்தில் தெரிவிக்கும்படியும், தண்ணீர்ச் சோதனை முடிந்து அங்கன்வாடிப் பணியாளர் கையெழுத்திடும் வரை ஒப்பந்தக்காரரின் பிடித்தத் தொகையை விடுவிக்காதிருக்கும்படியும் தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். அந்நாளில் ஏணியும் அளவுகோலும் நாங்களே கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
தெருவாசிகள் சார்பாக,
ஓய்வுபெற்ற கட்டுமானப் பொறியாளர் ஒருவர்
சென்னை