இராயனுடையது எது? பிரசங்கபீடத்தில் நிற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான போதகர்களுக்கும் உபதேசியார்களுக்கும்,

"இராயனுடையதை இராயனுக்கும், தேவனுடையதை தேவனுக்கும் செலுத்துங்கள்" என்ற மாற்கு 12:17-ஐ எடுத்தால் "வரியும் கட்டு, காணிக்கையும் போடு" என்று முடித்துவிடுகிறோம். தேர்தல் வந்தால் அதே வசனம் "சபைக்கு அரசியல் எதற்கு" என்றாகிவிடுகிறது. 17-ஐ மட்டும் பிய்த்தெடுப்பதால் வரும் கோளாறு இது. தயவுசெய்து 13-இலிருந்து வாசியுங்கள்.

கேட்டவர்கள் பரிசேயரும் ஏரோதியரும்; கேட்ட இடம் எருசலேம் தேவாலயம். அவர்கள் கேட்டது பொதுவான வரியைப் பற்றி அல்ல. மூலத்தில் உள்ள 'கென்சோஸ்' என்ற சொல் குடிமதிப்பு எழுதி விதித்த தலைவரியைக் குறிக்கும். கி.பி. 6-இல் யூதேயா ரோமரின் நேரடி ஆட்சிக்குள் வந்து குடிமதிப்பு எழுதியபோது, கலிலேயனான யூதாஸ் இதை எதிர்த்துத்தான் கலகம் செய்தான். "கொடு" என்றால் ஜனங்கள் கைவிடுவார்கள். "கொடுக்காதே" என்றால் தேசாதிபதியிடம் பிடித்துக்கொடுக்கலாம். கண்ணி அதுதான்.

இயேசு காசைக் கொண்டுவரச் சொல்கிறார். மூலத்தில் அது தெனாரி என்றே இருக்கிறது; எந்த இராயனுடைய தெனாரி என்று சுவிசேஷம் பெயர் சொல்லவில்லை. பெரும்பாலும் அப்போதைய இராயன் திபேரியுவினுடையது என்பார்கள். நாலு கிராமுக்குச் சற்றுக் குறைந்த வெள்ளி. ஒரு பக்கம் அவன் தலை. சுற்றிலும் 'தெய்வமான அகுஸ்துவின் மகன்' என்ற எழுத்து. கொங்குநாட்டுப் புதையல்களிலும் இந்தக் காசு கிடைத்திருக்கிறது, அருங்காட்சியகத்தில் பார்த்தால் கூர்ந்து பாருங்கள். இப்படிப்பட்ட ஒன்றைத் தேவாலயத்துக்குள்ளேயே நீட்டியவர்கள் கேள்வி கேட்டவர்கள்தான்.

அடுத்தது வினைச்சொல். அவர்கள் 'கொடுக்கலாமா' என்கிறார்கள்; அவர் 'திருப்பிக் கொடுங்கள்' என்கிறார். கிரேக்கத்தில் இரண்டும் வேறு சொற்கள். நம் பழைய மொழிபெயர்ப்பு 'கொடுக்கிறது', 'செலுத்துங்கள்' என்று வித்தியாசத்தைக் காத்திருக்கிறது. திருவிவிலியத்தில் 'கொடுங்கள்' என்றே இருப்பதால் அதை வைத்துப் பேசுகிறவர்கள் வாயால் சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஆனால் பழைய மொழிபெயர்ப்பிலும் ஓர் இழை அறுந்திருக்கிறது. "இந்தச் சுரூபமும் மேலெழுத்தும் யாருடையது?" என்பதில் வரும் சுரூபத்துக்கும், ஆதியாகமம் 1:27-இல் "தம்முடைய சாயலாக" என்பதில் வரும் சாயலுக்கும் கிரேக்கத்தில் ஒரே சொல், 'எய்கோன்'. தமிழில் இரு சொல்லானதால் கேட்பவர் காதில் அது ஒட்டுவதில்லை. காசில் இராயன் உருவம். மனுஷனில் யார் உருவம்? தெர்த்துல்லியன் காலத்திலேயே சொன்ன விளக்கம் இது. இயேசு அந்த வசனத்தை மேற்கோள் காட்டவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் இதை விட்டால் 'தேவனுடையதை' என்ற பாதி வெறும் காணிக்கைப்பையாகச் சுருங்கிவிடும். இராயனும் மனுஷன்தானே, அவன் மட்டும் எந்தக் கணக்கில் வருவான்?

அடுத்த முறை இந்தப் பகுதி வரும்போது ஆதியாகமம் 1:27-ஐ முதல் பாடமாக வாசிக்க வையுங்கள். பிரசங்கத்தை லூக்கா 23:2-இல் கொண்டுபோய் நிறுத்துங்கள்: சில நாட்களுக்குள் பிலாத்துவின் முன் அவர்மேல் வந்த குற்றச்சாட்டு, இராயனுக்கு வரிகொடுக்க வேண்டாமென்றார் என்பது.

இப்படிக்கு,
வேதபாட ஆசிரியர்கள் சிலர்