முறைப்பாடு: வைப்பில் இல்லாத பணத்துக்குப் பாதுகாப்பு உண்டென்று சொன்னமை

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

ஐயா / அம்மணி,

ஹட்டனிலிருந்து எழுதுகிறேன். உங்கள் தளம் வழியாகக் காணொளிகளுக்குத் தமிழ் வசனவரி எழுதிக் கொடுக்கிறேன். முன்பின் தெரியாதவரிடம் வேலை எடுக்கும் முன் உங்கள் கொடுப்பனவுப் பாதுகாப்பு விதிகளையும் பிணக்கு விதிகளையும் வாசித்துவிடுவேன். இந்த முறையும் வாசித்தேன்.

வேலை 150 டொலருக்கு, இரண்டு கட்டமாக. முதல் கட்டத்தின் 60 டொலரை வாடிக்கையாளர் முன்கூட்டியே உங்கள் தளத்திடம் வைப்பிலிட்டிருந்தார். வேலை முடிந்ததும் பணம் வந்தது. இரண்டாம் கட்டத்தின் 90 டொலருக்கு எதிரே, பணம் வைப்பில் இருப்பதைக் காட்டும் `Funded` என்ற சொல் இல்லை. ஆனால் அவருடைய பெயருக்குப் பக்கத்தில் `Payment verified` என்று பச்சை அடையாளம் இருந்தது. உங்கள் உதவிப் பக்கம், நிலையான விலை வேலைகள் எல்லாமே பாதுகாப்பில் உள்ளன என்கிறது. விதிமுறைகளிலோ வைப்பில் உள்ள தொகைக்கு மட்டும்தான் பாதுகாப்பு. இரண்டும் ஒத்துவரவில்லை என்பதால் வேலையைத் தொடங்கும் முன் உங்களிடமே கேட்டேன். "அவர் உறுதிசெய்யப்பட்டவர், நீங்கள் தொடங்கலாம், உங்கள் வேலைக்குப் பாதுகாப்பு உண்டு" என்று எழுத்தில் பதில் வந்தது. அதன் படத்தை இணைத்திருக்கிறேன்.

சரி என்று முடித்துச் சமர்ப்பித்தேன். அவர் கோப்பை எடுத்துக்கொண்டார், அப்புறம் பேச்சே இல்லை. பிணக்கு திறக்கப் போனால், வைப்பில் பணம் இல்லாததால் பிணக்குக்கே இடமில்லை என்று அதே பிரிவு சொல்கிறது.

அந்தப் பச்சை அடையாளம் அட்டையொன்று கணக்கில் இணைக்கப்பட்டிருக்கிறது என்பதை மட்டுமே காட்டுகிறது. அட்டையில் பணம் இருக்கிறதா, இந்த வேலைக்கென்று எதையாவது ஒதுக்கினாரா என்பதை அது சொல்லாது. சமர்ப்பித்து 14 நாளில் பணம் தானாக விடுவிக்கப்படும் என்ற உங்கள் விதியும் வைப்பில் பணம் இருந்தால்தான் வேலை செய்யும். பிணக்கு திறக்க முடிந்திருந்தாலும், சமரசம் சரிவராவிட்டால் அடுத்தது நடுத்தீர்ப்பு. அதற்கு இரு தரப்பும் கட்ட வேண்டிய கட்டணம் என் 90 டொலரைவிட அதிகம். சிறிய வேலை செய்பவருக்கு அந்த வழி இருந்தும் இல்லாததுதான்.

தோட்டங்களில் படித்த பிள்ளைகள் பலர் கைபேசியில் டேட்டா போட்டுக்கொண்டு இந்த வேலைகளைத் தேடுகிறார்கள். அந்தப் பச்சை அடையாளத்தை நம்பித்தான் இரவிரவாக உட்காருகிறார்கள். அவர்கள் ஏமாறுவதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் பிரிவின் எழுத்துமூலப் பதிலை நம்பிச் செய்த வேலைக்கு 90 டொலரை நீங்கள் தர வேண்டும். உதவிப் பக்கத்தின் அந்த வரியைத் திருத்துங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் எதிரே இப்போது எவ்வளவு பணம் வைப்பில் இருக்கிறது என்பதை எண்ணிலேயே காட்டுங்கள். பூச்சியம் என்றால் பூச்சியம் என்றே. பணம் வைப்பிலிடாத கட்டத்துக்கு வேலையைச் சமர்ப்பிக்கப் போகும்போது தளமே எச்சரிக்க வேண்டும்.

உரையாடலின் படம், ஒப்பந்தப் பக்கத்தின் படம், சமர்ப்பித்த கோப்பு மூன்றும் இத்துடன் உள்ளன. 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
வசனவரி மொழிபெயர்ப்பாளர்,
ஹட்டன்