பழுது பொருளிலா, சேவையிலா?

ஆசிரியருக்கு,

என் அண்ணி 32,000 ரூபாய்க்கு வாங்கிய சலவை இயந்திரம் நான்காவது மாதமே டிரம் உரசிக் கடகடத்தது. மெக்கானிக் மூன்று முறை வந்தார். மூன்று முறையும் பெல்ட்டை மட்டும் மாற்றிவிட்டுப் போனார். கோபத்தில் அண்ணி, பழுதுபார்ப்பு மையத்தின் மீது மட்டும் சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் ஆணையத்துக்குப் புகார் எழுதினார். அனுப்பும் முன் நான் தடுத்தேன்.

டிரம் தொடக்கத்திலேயே கோணலாக இருந்தால் அது பொருளின் குறைபாடு. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் உற்பத்தியாளர்; அவரைச் சேர்க்காமல் புது இயந்திரம் கேட்டால் யார் தருவது? உத்தரவாதக் காலத்தில் ஒழுங்காகச் சரிசெய்யாதது மட்டுமே சேவைக் குறைபாடு. இரண்டையும் ஒரே புகாரில் தனித்தனியாக எழுதலாம். பொருளின் குறையைப் பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாவிட்டால் ஆணையம் அதை ஆய்வகச் சோதனைக்கு அனுப்பலாம். ஆகவே இயந்திரத்தைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். மெக்கானிக் எழுதித் தந்த சீட்டுகளும் பத்திரமாக இருக்கட்டும்.

எங்கே தாக்கல் செய்வது? 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் கணக்குக்கு வருவது கொடுத்த விலைதான், கேட்கும் இழப்பீடு அல்ல. இரண்டு லட்சம் இழப்பீடு கேட்டாலும் அண்ணியின் கணக்கு 32,000தான். 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே போதும். ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை. கம்பெனியின் தலைமை அலுவலகம் எங்கிருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். கெடு இரண்டு ஆண்டுகள்.

அண்ணி இப்போது புகாரைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி