பச்சைத் தாவணிப் பெண்ணுக்கும் மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும்

என் மகன் நன்றாக இருக்கிறான். நேற்றிலிருந்து போன் செய்து கேட்கிற எல்லோருக்கும் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். காலையில் நான்கு இட்லி சாப்பிட்டான், தலைவலி போய்விட்டது, தங்கையோடு சண்டையும் ஆரம்பித்துவிட்டான்.

அண்ணன் மகள் கல்யாணத்தில் முகூர்த்தத்துக்கு முன்னால், இன்சுலின் போட்டுக்கொள்கிற என் மகனுக்கு ரத்தத்தில் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி, நினைவில்லாமல் விழுந்து வலிப்பு வந்ததை நீங்களே கண்ணால் பார்த்தீர்கள். அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பு இல்லை. நான் எழுத நினைப்பது அந்தப் பச்சைத் தாவணிப் பெண்ணைப் பற்றி. மாப்பிள்ளை வீட்டுப் பக்கம், பத்தாம் வகுப்பு படிக்கிறாளாம். பெயர்கூட அப்புறம்தான் கேட்டேன், இங்கே எழுத வேண்டாம் என்று அவள் அம்மா சொல்லிவிட்டார்.

அந்த ஆரஞ்சுப் பெட்டி எங்கே போனாலும் எங்கள் கையோடு இருக்கும். உள்ளே குளுக்ககான் ஊசி. இன்சுலினுக்கு நேர் எதிரான வேலை செய்கிற மருந்து, கல்லீரல் சேர்த்து வைத்திருக்கிற சர்க்கரையை ரத்தத்துக்குத் தள்ளிவிடும். எப்படிப் போடுவது என்று டாக்டர் ஒருமுறை செய்து காட்டியிருந்தார், எனக்குத் தெரியும். ஆனால் பிள்ளை தரையில் கிடந்து கை கால் வெட்டும்போது, சர்க்கரை மீட்டரில் 34 என்று தெரியும்போது, தெரிந்தது எதுவும் கைக்கு வரவில்லை. பெட்டியைத் திறந்து அப்படியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் அந்தப் பெண் என் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளை எடுத்தாள். "நான் படிக்கிறேன் ஆன்ட்டி, நீங்க செய்யுங்க" என்றாள். அவ்வளவுதான். தாள் முழுக்க ஆங்கிலம். அவள் ஒரு வரி படிப்பாள், தமிழில் சொல்வாள், நான் முடிக்கும் வரை காத்திருப்பாள், அப்புறம் அடுத்த வரி. வகுப்பில் பாடம் வாசிக்கிற அதே குரல், கொஞ்சம்கூட அவசரம் இல்லை.

"சின்னக் குப்பியோட மூடியை எடுங்க. ஊசியில தண்ணி இருக்கு, அதைப் பூரா குப்பிக்குள்ள விடுங்க." குப்பியின் அடியில் மருந்து வெள்ளையாகத் தூளாக ஒட்டியிருந்தது. ரப்பரில் ஊசியைக் குத்தி அந்த ஒரு மில்லி தண்ணீரை உள்ளே அழுத்தினேன். "ஊசியை வெளிய எடுக்க வேண்டாம், அப்படியே வெச்சு மெதுவா ஆட்டுங்க. தூள் கரைஞ்சு தெளிவா ஆகணும்." நான் சிரப் பாட்டிலைக் குலுக்குகிற மாதிரி குலுக்க ஆரம்பித்தேன் போலிருக்கிறது, "மெதுவா, மெதுவா" என்று என் மணிக்கட்டில் கை வைத்தாள். வேகமாகக் குலுக்கினால் நுரை வந்துவிடும், அப்புறம் முழு மருந்தும் ஊசிக்குள் ஏறாது. கரைந்ததும் தண்ணீர் மாதிரியே இருந்தது. கட்டி கட்டியாகவோ கூழ் மாதிரியோ இருந்தால் போடக் கூடாது என்றும் வாசித்தாள்.

அடுத்து ஒரு கேள்வி கேட்டாள் பாருங்கள். "அண்ணா எத்தனை கிலோ? 25 கிலோவுக்குக் கீழன்னா பாதிதான் போடணுமாம்." ஐம்பத்திரண்டு என்றேன். "அப்போ முழுசும்." அந்த நேரத்தில் அவனை யாராவது நிதானமாக எடை போட்டுப் பார்ப்பார்கள் என்று நான் நினைக்கவே இல்லை.

மருந்தை இழுத்து, காற்றுக் குமிழியை வெளியே தள்ளி, தொடையின் வெளிப் பக்கம் பேன்ட்டுக்கு மேலேயே குத்தி ஒரு மில்லிகிராமையும் ஏற்றினேன். ஊசியை எடுத்த உடனே, "இப்போ ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும், வாந்தி வரும்" என்றாள். நாலு பேர் சேர்ந்து இடது பக்கமாகப் புரட்டிப் படுக்க வைத்தார்கள். அவள் போனில் மணி பார்த்து வைத்துக்கொண்டாள். பத்து நிமிடத்துக்குள் கண் திறக்காவிட்டால் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றித்தான் ஆக வேண்டும், இன்னொரு ஊசி நம்மிடம் இல்லை. "ரெண்டு நிமிஷம் ஆச்சு ஆன்ட்டி." "அஞ்சு ஆச்சு." அது எவ்வளவு பெரிய உதவி என்று அவளுக்குத் தெரியுமா என்று தெரியவில்லை. எனக்கு ஒவ்வொரு நிமிடமும் ஒரு மணி நேரமாக ஓடிக்கொண்டிருந்தது. அவள் சொல்லாமல் இருந்திருந்தால் வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டி அவனைப் போட்டு உலுக்கியிருப்பேன்.

எட்டாவது நிமிடம் முனகினான். அப்புறம் வாந்தி. அந்தத் தாவணி ஓரம் பாழாகிவிட்டது, அவள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும். சர்க்கரைத் தண்ணீர் டம்ளரோடு ஓடிவந்த பெரியம்மா, உங்கள் பாசம் எனக்குத் தெரியும். ஆனால் நினைவில்லாதவன் வாயில் எதை ஊற்றினாலும் நேராக மூச்சுக்குழாய்க்குப் போய்விடும். அதனால்தான் அந்த நாதஸ்வரக்காரர் உங்கள் கையைப் பிடித்து நிறுத்தினார், அவருக்கும் என் நன்றி. அவன் உள்ளங்கையில் சாவிக்கொத்தைத் திணித்த மாமா மேலும் எனக்குக் கோபம் இல்லை. வலிப்பு என்றால் இரும்பு என்று நம் ஊரில் பழகிவிட்டது, இந்த வலிப்புக்கு வேண்டியது சர்க்கரை மட்டும்தான். மேளத்தை நிறுத்தியவர்கள், வழியை மறித்து நின்ற கார்களை நகர்த்தியவர்கள், 108க்கு மண்டபத்தின் பின்வாசலைச் சரியாகச் சொன்ன சமையல்காரர், முகூர்த்த நேரத்தில் இப்படி ஆகிவிட்டதே என்று ஒரு வார்த்தை முகம் சுளிக்காத சம்பந்தி வீட்டார், எல்லோருக்கும் கும்பிடு. 108 தம்பிகள் வந்து பார்த்தபோது சர்க்கரை 96க்கு ஏறியிருந்தது. எழுந்து உட்கார்ந்து விழுங்க முடிகிறது என்று பார்த்த பிறகு ஜூஸ் கொடுத்து, அதன் பின்னால் இட்லியும் கொடுத்துத்தான் வண்டியில் ஏற்றினார்கள்.

அந்த இட்லி எதற்கு என்று மருத்துவமனையில்தான் புரிந்தது. ஊசி புதிதாகச் சர்க்கரை எதையும் தருவதில்லை, கல்லீரலில் இருந்த இருப்பைத்தான் எடுத்துக் கொடுக்கிறது. இன்சுலினோ உடம்பில் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும். சாப்பிடாமல் விட்டால் கொஞ்ச நேரத்தில் மறுபடி இறங்கும், இரண்டாவது தடவை எடுத்துக் கொடுக்க உள்ளே இருப்பும் இருக்காது. நாள் முழுக்கப் பட்டினி கிடந்தவருக்கும் நிறையக் குடித்தவருக்கும் இந்த ஊசி சரியாகக் கேட்காமல் போவது இதனால்தானாம். முந்தின நாள் ராத்திரி பந்தியில் அவனை விடாமல் உட்கார வைத்து மூன்று சப்பாத்தி பரிமாறிய அத்தைக்கு இதில் பெரிய பங்கு இருக்கிறது என்று டாக்டரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

புது ஊசிக்குச் சொல்லிவைத்திருக்கிறேன், எல்லா மருந்துக் கடையிலும் கிடைப்பதில்லை, வர இரண்டு நாள் ஆகும். அதுவரை அவன் என் கண் பார்வையை விட்டு நகரக் கூடாது என்பது ஏற்பாடு. வீட்டில் காலாவதியான பழைய பெட்டி ஒன்று இருக்கிறது. ஆவணியில் சித்தப்பா வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு அதை எடுத்து வருகிறேன். தூளைக் கரைத்து, இழுத்து, ஒரு ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பழகிக்கொள்ளலாம், தாளைத் தமிழில் எழுதியும் வைக்கிறேன். பச்சைத் தாவணிப் பெண்ணும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள், அவளே சொல்லித் தரட்டும். சாப்பாட்டுக்கு முன்னாலேயே வந்துவிடுங்கள், பந்தி முடிந்தால் உங்களில் பாதிப் பேர் பாய் தேடிப் போய்விடுவீர்கள்.