கண்டத்துக்கு வெள்ளம் வரல

கொழிஞ்சாம்பாறை,
ஞாயிறு மாலை

அன்புள்ள சிவா,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிவிட்டது, திட்டாதே. மில்லில் ஷிஃப்டைக் குறைத்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாயே, படித்ததும் மனசு கேட்கவில்லை. அதே கடிதத்தில் "ஆடியோவைக் கேட்டு டைப் அடிக்கிற உன் வேலை எப்படி, மாசம் முப்பதாயிரம் தேறுமா" என்றும் கேட்டிருந்தாய். ஒரே வரியில் பதில் வேண்டுமென்றால், தேறாது. ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் நம்பி நீ விடவும் கூடாது, இறங்கவும் கூடாது. அதனால் போன மாதம் நான் செய்த ஒரே ஒரு ஃபைலைப் பற்றி முழுசாகச் சொல்கிறேன், அதிலேயே எல்லாம் வந்துவிடும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு வந்தது. 47 நிமிடப் பேட்டி, மூன்று பேர் பேசுகிறார்கள், தமிழ். நிமிடத்துக்கு 18 ரூபாய், 24 மணி நேரத்தில் திருப்பித் தர வேண்டும். நிமிடம் என்றால் ஆடியோவின் நிமிடம்தான், நாம் உட்கார்ந்து வேலை செய்கிற நிமிடம் இல்லை. இதில்தான் புதிதாக வருகிற எல்லாரும் ஏமாறுகிறார்கள். 47 நிமிடம், 846 ரூபாய், ஒரு மணி நேரத்து வேலை, அடேயப்பா என்று தோன்றும். அந்த 24 மணி நேரமும் நாம் ஃபைலைத் திறக்கும்போது ஆரம்பிப்பதில்லை. வேலை தருகிறவர்கள் நம் பெயரில் ஒதுக்கிய நிமிஷத்திலிருந்து ஓடும்.

பேட்டி நம்ம பக்கத்து விஷயம், பரம்பிக்குளம் ஆழியாறு தண்ணீர். சித்தூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் பேசுகிறார், மேலே ஃபேன் கடகடவென்று சுற்றுகிறது, நடுவில் யாரோ டீ கொண்டுவந்து வைக்கிறார்கள். மைக் கேள்வி கேட்கிறவர் பக்கத்தில் இருந்திருக்கிறது, பதில் சொல்கிறவர் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கிறது. மூன்றாமவர் இரண்டு பேரும் பேசும்போதுதான் பேசுவார். முதலில் இருபது நிமிடம் டைப் அடிக்காமல் அங்கங்கே கேட்டு, ஊர்ப் பெயர்களையும் யார் குரல் எது என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். இதைச் செய்யாமல் நேராக அடிக்க ஆரம்பித்தால் முப்பதாவது நிமிடத்தில் "ஓ, இது மணக்கடவு" என்று புரிந்து திரும்பி வந்து எட்டு இடத்தில் திருத்த வேண்டியிருக்கும்.

டைப் அடிக்க 5 மணி 10 நிமிடம் ஆனது. அதற்கு நடுவில் ஏழு மணியிலிருந்து ஒன்பது மணி வரை கரண்ட் இல்லை, அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை, கெடு மட்டும் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அடித்து முடித்ததும் தூங்கிவிட்டு, காலையில் ஹெட்போன் மாட்டி ஆடியோவை நிறுத்தாமல் ஓட்டி, கண்ணால் எழுத்தைத் தொடர்ந்தேன். தவறு தென்படுகிற இடத்தில் மட்டும் நிறுத்தித் திருத்தினேன், 1 மணி 30 நிமிடம். கடைசியாக ஆடியோ இல்லாமல் பெயர், எண், "இல்லை" என்று வருகிற வாக்கியம் இந்த மூன்றை மட்டும் தேடிப் பார்த்தேன், 35 நிமிடம். ஆக மொத்தம் 7 மணி 35 நிமிடம். 846 ரூபாயை இதால் வகுத்துப் பார், மணிக்கு சுமார் 112 ரூபாய்.

அந்தக் கடைசி 35 நிமிடத்தை மிச்சம் பிடிக்கலாமே என்று கேட்பாய். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் பிடித்தேன். ஆனால் இந்த ஃபைலில் அந்த விவசாயி "ஏழேகால் டிஎம்சி எழுதி வச்சிருக்கு" என்கிறார். சித்தூர்ப் புழைக்கு வருஷத்துக்கு 7.25 டிஎம்சி என்பது தமிழ்நாடும் கேரளமும் போட்ட 1970 ஒப்பந்தத்தில் உள்ள கணக்கு. "கால்" என்று சொல்லும்போது சரியாக டம்ளர் வைக்கிற சத்தம். நான் முதலில் "ஏழே டிஎம்சி" என்று அடித்திருந்தேன். ஏழுக்கு ஏகாரம் போட்டுப் பேசுவது நமக்குச் சகஜம் என்பதால், படிக்கும்போது அதில் ஒரு உறுத்தலும் இல்லை. எண் இருக்கிற இடத்தைத் தனியாகத் தேடித் திரும்பக் கேட்டதால்தான் பிடிபட்டது. அப்படியே போயிருந்தால் ஒரு வார்த்தைப் பிழை, ஆனால் ஒரு வருஷத்துக்குக் கால் டிஎம்சி தண்ணீர்!

அடுத்தது நீ சிரிப்பாய். அதே மூச்சில் அவர் சொன்னது, "கண்டத்துக்கு வெள்ளம் வரல." உனக்கும் எனக்கும் இதில் என்ன குழப்பம், வயலுக்குத் தண்ணீர் வரவில்லை, அவ்வளவுதான். எல்லைக்கு இந்தப் பக்கம் மலையாளம் கலந்து பேசுகிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். நான் பேசியபடியே அடித்து, கீழே ஒரு குறிப்பும் போட்டு அனுப்பினேன். சரிபார்த்தவர் வேறு ஊர்க்காரர் போலிருக்கிறது, குறிப்பு தேவையில்லை என்று நீக்கிவிட்டார். அதை வைத்து ஆங்கிலத்தில் கேப்ஷன் போட்டவர் அந்தக் கண்டத்தில் வெள்ளப்பெருக்கு ஏற்படவில்லை என்று எழுதிவிட்டார். பேட்டி எடுத்தவர்கள் கடுப்பாகித் திருப்பி அனுப்ப, முதல் கேள்வி எனக்குத்தான் வந்தது. நல்லவேளை, நான் அனுப்பிய பிரதி என்னிடம் இருந்தது. ஒவ்வொரு ஃபைலையும் அனுப்பிய நிலையிலேயே ஒரு பிரதி எடுத்து வை, மூன்று மாதமாவது அழிக்காதே.

துல்லியம் 98 சதவீதம் வேண்டும் என்பார்கள். இந்த ஃபைலில் சுமார் 4,900 வார்த்தை, அப்படியானால் 98 பிழை வரை போகலாம் என்று கணக்கு வரும். கேட்க தாராளமாக இருக்கிறது இல்லையா? ஆனால் தமிழுக்கு அந்தக் கணக்கே கொஞ்சம் கோணல். விடுபட்ட வார்த்தை, கூடுதல் வார்த்தை, மாறிய வார்த்தை மூன்றையும் கூட்டி, சரியான பிரதியில் உள்ள மொத்த வார்த்தையால் வகுப்பார்கள். அவர்கள் பிரதியில் "வந்துகொண்டிருக்கிறார்கள்" என்று ஒட்டி ஒரே வார்த்தையாக இருந்து, நான் "வந்து கொண்டு இருக்கிறார்கள்" என்று பிரித்து அடித்தால், ஒன்று மாறியது, இரண்டு கூடுதல் என்று மூன்று பிழை விழும். ஒரு எழுத்துகூடத் தப்பில்லை, ஆனாலும் மூன்று பிழை. போன வருஷம் ஒரு ஃபைலுக்கு 96 சதவீதம் என்று போட்டுக் காசைப் பிடித்தார்கள். பிழைப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் பாதிக்கு மேல் இந்த இடைவெளிச் சமாசாரம். மல்லுக்கட்டித் திரும்ப வாங்கினேன். அதனால் எந்த இடத்தில் சேர்ந்தாலும் முதல் ஃபைலுக்கு முன்பே எதை ஒட்டுவது, எதைப் பிரிப்பது, "போயிட்டாங்க" என்பதை அப்படியே வைப்பதா "போய்விட்டார்கள்" ஆக்குவதா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்.

காது எட்டாத இடத்தில் ஊகித்து எழுதாதே. [தெளிவில்லை 00:22:41] என்று நேரத்தைப் போட்டு விட்டுவிடு. இந்த ஃபைலில் நான்கு இடத்தில் விட்டேன், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஊகித்து எழுதி மாட்டிக்கொண்டால்தான் பெயர் கெடும்.

ஆங்கிலமும் செய்கிறேன். விலை குறைவு, நிமிடத்துக்கு 14 ரூபாய்தான். ஆனால் போன வாரம் 30 நிமிட வகுப்பு ஒன்று, ஒரே ஆள், நல்ல மைக், சரிபார்ப்பு உட்பட 2 மணி 20 நிமிடத்தில் முடிந்தது. 420 ரூபாய், மணிக்கு 180. பார்த்தாயா, 14 ரூபாய் வேலை 18 ரூபாய் வேலையைவிட அதிகம் தருகிறது. அதனால் நான் இப்போதெல்லாம் விலையைக் கேட்பதற்கு முன்னால் நடுவிலிருந்து மூன்று நிமிட ஆடியோ அனுப்பச் சொல்கிறேன். ஆரம்பத்து மூன்று நிமிடம் வேண்டாம், எல்லாரும் ஆரம்பத்தில் மைக்குக்குப் பக்கத்தில்தான் இருப்பார்கள். இயந்திரம் அடித்துத் தந்ததைத் திருத்துகிற வேலையும் வரும், விலை பாதி, அது தனிக் கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

கேப்ஷன் வேறு மாதிரி. சப்டைட்டில் எடிட் என்ற மென்பொருளில் செய்கிறேன், காசு கிடையாது. ஒவ்வொரு துண்டும் இப்படி இருக்கும்:

```
214
00:31:12,400 --> 00:31:16,100
ஏழேகால் டிஎம்சி எழுதி வச்சிருக்கு.
கண்டத்துக்கு வெள்ளம் வரல.
```

வரிசை எண், தோன்றும் நேரம், மறையும் நேரம், அப்புறம் பேச்சு. அதிகபட்சம் இரண்டு வரி, ஒரு வரிக்கு 42 எழுத்து என்பார்கள். அந்த 42 ஆங்கிலத்துக்கு வைத்த அளவு. "கண்டத்துக்கு" என்பதை எண்ணிப் பார், நமக்கு ஏழு எழுத்து. புள்ளியையும் உகரக் குறியையும் தனித்தனியாக எண்ணுகிற மென்பொருளுக்கு 12. அதனால் தமிழ் வரி கண்ணுக்குச் சின்னதாகத் தெரியும்போதே சிவப்பாகிவிடும், ஒரு வாக்கியத்தை எங்கே உடைப்பது என்று யோசித்தே நேரம் போகும். நிமிடத்துக்கு 30 ரூபாய் தருகிறார்கள், பத்து நிமிடத் துண்டுக்கு எனக்கு இரண்டு மணி நேரம். மணிக்கு 150.

மொத்தத்தில் போன மாதம் 68 மணி நேரம் உட்கார்ந்தேன், 9,300 ரூபாய். மணிக்கு 137 என்று வருகிறது. அதிலும் என்னுடைய ஆட்கள் 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்துக்கொள்வார்கள், கையில் வந்தது 8,370. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் பிடித்தது திரும்பி வரும், அதற்கு அடுத்த வருஷம் வரை காத்திருக்க வேண்டும். 68 மணி என்பது நான் சோம்பேறி என்பதால் இல்லை. சில வாரம் ஃபைலே வராது, சில நாள் மூன்று சேர்ந்து வரும். வந்தாலும் ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் என் காது வேலை செய்வதில்லை. ஆறாவது மணியில் அடித்ததை மறுநாள் பார்த்தால் பாதி வரி என் சொந்தக் கற்பனையாக இருக்கும். சிரமமான ஆடியோ என்றால் நாளைக்கு 30 நிமிடம், தெளிவானது என்றால் 60, அதற்கு மேல் ஒத்துக்கொள்வதில்லை. அவசரம் என்று 12 மணி நேரத்தில் கேட்டால் ஒன்றரை மடங்கு கேட்பேன், பாதிப் பேர் உடனே அவசரமில்லை என்று விடுவார்கள்.

சேருவதற்கு முன்பணம் கட்டு என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடு. வேலை தருகிறவன் காசு கேட்கமாட்டான்.

இப்போது ஒன்று செய். உங்க பெரியப்பா பழைய மில் கதை சொல்வாரே, அவரைப் பத்து நிமிடம் பேசவிட்டு செல்போனில் பதிவு செய். அதை உட்கார்ந்து அடி, ஒருமுறை முழுசாகக் கேட்டுத் திருத்து, ஆரம்பித்த நேரத்தையும் முடித்த நேரத்தையும் எழுதி வை. ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்தால் நான் பேசிப் பார்க்கிறேன். மூன்று மணி நேரம் ஆனால் முதலில் விசைப்பலகையைப் பழகு, தமிழ்99 கற்றுக்கொள், ஒரு மாதம் போகட்டும். ஆடியோவையும் நீ அடித்ததையும் சேர்த்து அனுப்பு, நானே சரிபார்த்துச் சொல்கிறேன், டிடிஎஸ் பிடிக்கமாட்டேன்.

என்னிடம் பழைய ஹெட்போன் ஒன்று சும்மா கிடக்கிறது. அடுத்த ஞாயிறு கோபாலபுரம் வரை வேலையாக வருகிறேன், பொள்ளாச்சி பஸ் பிடித்து வந்தால் அங்கேயே தருகிறேன். வரும்போது நம்ம கடை வர்க்கி கால் கிலோ வாங்கி வா. கால், நன்றாகக் கேட்டுக்கொள்.

அன்புடன்,
ராஜூ