மாட்டுத்தாவணியில் தம்பி தொலைத்த ஃபோன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நாங்கள் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. தம்பி போன வெள்ளிக்கிழமை மாட்டுத்தாவணியில் ஃபோனைத் தொலைத்துவிட்டான். கட்டணக் கழிப்பறையில் கை கழுவும் மேடையில் வைத்தவன், கோவில்பட்டி பஸ் கிளம்புவதைப் பார்த்ததும் ஓடிவிட்டான். கப்பலூர் டோல்கேட் வந்த பிறகுதான் சட்டைப் பையைத் தடவியிருக்கிறான். பக்கத்து சீட்காரரின் ஃபோனை வாங்கி என்னைக் கூப்பிட்டான். அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் என்னுடையதுதான். திருமங்கலத்தில் இறங்கித் திரும்பிப் போகச் சொன்னேன்.

நான் அடித்துக்கொண்டே இருந்தேன். முதலில் பிசியாக இருந்தது, அப்புறம் ரிங் போனது, ஆறாவது தடவை எடுத்தார் ஒரு பெரியவர். கழிப்பறை வாசலில் காசு வாங்குபவர். சில்லறை டப்பாவுக்குள் பத்திரமாக வைத்திருந்தாராம். பூட்டிய ஃபோனிலும் அவசர அழைப்பை அழுத்தினால் நாம் பதிந்து வைத்த ஆளைக் கூப்பிடலாமாம். அங்கே நின்ற ஒரு காலேஜ் பையன் காட்டிக்கொடுத்திருக்கிறான். நீயும் அதைப் பதிந்து வை. பெட்டியில் இருக்கும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணையும் எழுதி வை, *#06# அடித்தாலும் வரும். ஃபோனை முடக்க வேண்டுமென்றால் அதைத்தான் கேட்பார்கள். மறக்காமல் எழுதி வை.

தம்பி அதில் உன் பெயரைத்தான் பதிந்திருக்கிறான். பெரியவர் மூன்று தடவை அடித்தாராம், எடுக்கவில்லையாம். தம்பி பெயர்தான் வந்திருக்கும். ராத்திரி எட்டரை மணி. வேலையில் இருந்திருப்பாய். இல்லை, சார்ஜ் போயிருக்கும். ஐந்து வாரமாகவே உனக்கு வேலை அதிகம்தான் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

யாரிடம் வேண்டுமானாலும் கொடுத்துவிட முடியுமா, அடையாளம் சொல்லுங்க, முன்னாடி என்ன படம் இருக்குன்னு கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தம்பி வந்து சொல்லித்தான் வாங்கினான். இருநூறு ரூபாய் நீட்டினானாம், அதெல்லாம் வேண்டாம், அவசரத்தில் காசு கொடுக்காமல் போயிட்டே, அந்த அஞ்சு ரூபாயை எடு என்று வாங்கிக்கொண்டாராம். பிள்ளை பொய் சொல்லாமல் எல்லாவற்றையும் வந்து சொன்னான். அதில் எனக்குப் பெருமைதான். ஆனாலும் பதினேழு வயசில் இவ்வளவு கவனக்குறைவா என்று திட்டினேன்.

படம் என்னவென்று அப்புறம் பார்த்தேன். மாலையோடு நீ, பக்கத்தில் அவன். டியூஷனுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அன்றைக்கு உன் கல்யாணத்துக்கு வந்திருக்கிறான்.

அன்று காலையில் நீ என்னைக் கூப்பிட்டாய். நான் கவனிக்கவில்லை என்றுதான் அம்மாவிடம் சொன்னேன். ஃபோன் என் கையில்தான் இருந்தது பாப்பா. உன் பெயர் எரிந்து அணையும்வரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மறுபடி வந்தது. அப்போதும் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில்தான் இருப்பேன்.

அப்பா