நால்வர் குடும்பத்துக்கு 3 லிட்டர் ஹீட்டரைப் பரிந்துரைத்தது குறித்த புகார்

அனுப்புநர்: தங்கள் வாடிக்கையாளர், கோபிசெட்டிபாளையம், ஈரோடு மாவட்டம்.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.
பொருள்: ஹீட்டரின் அளவையும் மாட்டும் இடத்தையும் தவறாகத் தீர்மானித்தது, மாற்றித் தரக் கோருதல்.

ஐயா,

நான், என் மனைவி, என் தாயார், கல்லூரியில் படிக்கும் மகன் என எங்கள் வீட்டில் நான்கு பேர். கார்த்திகை மாதத்தில் தங்கள் நிறுவனத்திலிருந்து அளவு பார்க்க வந்த பணியாளர், "நாலு பேருக்கு இதே தாராளமுங்க சார், சுவிட்சைப் போட்டதும் சூடு வந்துருமுங்க" என்று சொல்லி, 3 லிட்டர், 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் ஹீட்டரைப் பரிந்துரைத்தார். இரண்டு குளியலறைகளுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று, துணி துவைக்கும் இடத்துச் சுவரில் அதை மாட்டியும் சென்றார். மார்கழி பிறந்ததும் அது போதாது என்பது தெரிந்துவிட்டது. நான் அளித்த முதல் புகாருக்கு, "கருவியில் பழுது எதுவும் இல்லை" என்று தங்கள் சேவை மையம் பதில் அளித்தது. பழுது இருப்பதாக நானும் சொல்லவில்லை. பொருத்தமில்லாத கருவியைப் பொருத்தமில்லாத இடத்தில் மாட்டினார்கள் என்பதே என் புகார்.

பாலுக்கு உறை ஊற்றும்போது சூடு பார்க்க நான் வைத்திருக்கும் வெப்பமானியைக் கொண்டு, காலை ஆறு மணிக்கு அளந்து பார்த்தேன். மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் 21 டிகிரி இருந்தது. குழாயை முழுவதும் திறந்தால் 18 லிட்டர் வாளி மூன்று நிமிடத்தில் நிரம்புகிறது. ஆனால் முதல் வாளி 31 டிகிரியும், அடுத்த வாளி 28 டிகிரியும்தான் இருந்தன. குளிக்கப் போதுமான 40 டிகிரிக்கு வர வேண்டுமானால் குழாயை மெலிதாகத் திறந்து, ஒரு வாளிக்கு எட்டு நிமிடம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. 3 கிலோவாட் மின்சாரத்தால், தண்ணீரை 19 டிகிரி சூடேற்றிக்கொண்டே நிமிடத்துக்கு இரண்டேகால் லிட்டர் அளவுக்குத்தான் தர முடியும். மற்றொரு குளியலறையிலும் அதே நேரத்தில் குழாயைத் திறந்துவிட்டால் இரண்டு பேருக்குமே வெதுவெதுப்புதான் கிடைக்கும்.

படுக்கையறையை ஒட்டிய குளியலறை ஹீட்டரிலிருந்து ஒன்பது மீட்டர் தள்ளி இருப்பதால், முக்கால் அங்குலக் குழாயில் தங்கியிருக்கும் ஏறத்தாழ இரண்டேகால் லிட்டர் பச்சைத் தண்ணீர் முதலில் வெளியேறிய பிறகே சூடான தண்ணீர் வருகிறது. குளித்து முடிக்கும்போது ஏறக்குறைய அதே அளவு சூடான தண்ணீர் குழாயிலேயே நின்று ஆறிப்போகிறது. ஹீட்டரின் கொள்ளளவே 3 லிட்டர்தான் என்பதைத் தாங்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

அந்தச் சுவரை ஏன் தேர்ந்தெடுத்தார் என்பது எனக்குப் பின்னர்தான் புரிந்தது. வாஷிங் மெஷினுக்கான 16 ஆம்பியர் பிளக் அங்கே ஏற்கெனவே இருந்தது. அது ஹாலோ பிளாக் சுவர் என்பதால், தண்ணீர் நிரம்பினால் 35 கிலோவுக்குக் குறையாத 25 லிட்டர் ஸ்டோரேஜ் கீசரை அதில் தொங்கவிட முடியாது. ஆகவே கையில் கிடைத்த பிளக்கை வைத்து இடத்தையும், இடத்தை வைத்து அளவையும் முடிவு செய்திருக்கிறார். எத்தனை பேர், எந்த நேரத்தில், எத்தனை வாளி என்று ஒரு வார்த்தைகூட அவர் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் கணக்கு எளிது. 60 டிகிரி தண்ணீரோடு பச்சைத் தண்ணீரைக் கலந்தால், 40 டிகிரியில் ஒரு வாளிக்கு ஏறக்குறைய 9 லிட்டர் சூடான தண்ணீர் தேவை. நான்கு பேருக்கு 36 லிட்டர். 25 லிட்டர் கீசர் 2 கிலோவாட்டில் சூடாக முதலில் 35 நிமிடம் ஆகும். ஆனால் இரண்டு பேர் குளித்து முடிக்கும்போதே அது அடுத்தவர்களுக்கான தண்ணீரைக் காய்ச்சிக்கொண்டிருக்கும். 15 லிட்டர் என்றால் மூன்றாவது ஆள் காத்திருக்க வேண்டிவரும். சிறிய ஹீட்டரில் மின்சாரம் மிச்சமாகும் என்றும் அவர் சொன்னார். ஒரு வாளித் தண்ணீரை 40 டிகிரிக்குக் கொண்டுவர எதிலானாலும் 0.4 யூனிட் ஆகத்தான் செய்யும். தொட்டியில் நின்று ஆறும் வெப்பம் மட்டுமே ஸ்டோரேஜ் கீசரில் கூடுதல் இழப்பு. தேவைக்குச் சற்று முன் சுவிட்சைப் போட்டால் அதுவும் சொற்பமே. சமையலறைத் தொட்டியில் பாத்திரம் கழுவ இந்த 3 லிட்டர் ஹீட்டர் நன்றாகவே உதவும் என்பதை மறுக்கவில்லை.

ஆகவே இந்த ஹீட்டரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, 25 லிட்டர் ஸ்டோரேஜ் கீசரைப் படுக்கையறைக் குளியலறையின் ஒன்பது அங்குலச் செங்கல் வெளிச்சுவரில், ஷவர் தண்ணீர் தெறிக்காத மூலையில், ஆங்கர் போல்ட் போட்டு மாட்டித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். எங்கள் போர்த் தண்ணீர் உப்பு என்பதால் ஹீட்டிங் காயிலில் உப்புப் படியும். அதைக் கழற்றிச் சுத்தம் செய்ய அடியில் இடம் விட வேண்டும். சேஃப்டி வால்வில் சொட்டும் தண்ணீரைத் தரைக்குக் கொண்டுவரச் சிறு குழாயும் வேண்டும். மெயின் போர்டிலிருந்து தனி ஒயரும் எம்.சி.பி.யும் போடும் செலவையும், விலையில் வரும் வித்தியாசத்தையும் நானே ஏற்கிறேன். தவறான பரிந்துரைக்காக நான் கட்டிய பொருத்துக் கூலியை மட்டும் தாங்கள் கழித்துக்கொள்ள வேண்டும்.

15 நாட்களுக்குள் எழுத்து வடிவில் பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுவேன். ரசீது நகலையும் வெப்பநிலை அளவுகளையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்